கன்வெர்ட்டர் மாத்தி 11 நாள் ஆச்சு, செக் இன்ஜின் லைட் ஏன் இன்னும் அணையல? (P0420)

வேளச்சேரி_வண்டி (திங்கள், இரவு 9:10)

2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்4. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலன்னு P0420 கோடு வந்து லைட் எரிஞ்சுது. கன்வெர்ட்டரையும் முன்பக்க கேஸ்கட்டையும் மாத்தியாச்சு. மெக்கானிக் கோடை அழிக்கல. "வேலை சரியா இருந்தா லைட் தானா அணையும், மூணு சைக்கிள் ஓட்டுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டார்.

வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு 6 கி.மீ., போக வர தினமும் ரெண்டு ஓட்டம். இதுவரை 20 தடவைக்கு மேல ஸ்டார்ட் பண்ணியாச்சு, லைட் அப்படியே எரியுது. மூணு சைக்கிள்ங்கறது என்ன கணக்கு? வேலைதான் சரியில்லையா?

---

ஸ்பானர்_செட் (திங்கள், 9:32)

சாவியை ஆன் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓடட்டும், ஆஃப் பண்ணுங்க. இப்படி மூணு தடவை செஞ்சா போயிடும் ப்ரோ. நிறைய வண்டியில இது வேலை செய்யும். 20 தடவைக்கும் போகலன்னா புது கன்வெர்ட்டர் டம்மி.

---

கரிப்புகை (திங்கள், 10:05)

ஸ்பானர் சொல்றது சில கோடுகளுக்குச் சரி, இதுக்குச் சரியில்ல. ஆக்சிஜன் சென்சாரோட ஹீட்டர் வயர் அறுந்து P0141 வந்திருந்தா, இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ அந்த ஹீட்டரை ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் சோதிச்சுப் பார்க்கும். அதனால நீங்க சொன்ன மாதிரி மூணு தடவை ஸ்டார்ட் பண்ணினாலே கிட்டத்தட்ட வேலை முடிஞ்சுடும். P0420 அப்படி இல்ல.

எண்ணிக்கை ஸ்டார்ட்டுக்கு இல்ல. எந்தச் சோதனை தோத்ததால லைட் எரிஞ்சுதோ, அதே சோதனை திரும்ப ஓடி, பழுது இல்லன்னு முடிவு வரணும். அப்படி முடிவு வந்த சைக்கிள் மட்டும்தான் கணக்குல ஒண்ணு. அந்தச் சோதனை ஓடாத ஓட்டத்துக்கு மதிப்பு பூஜ்யம். உங்க 20 ஸ்டார்ட்டும் பூஜ்யமா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ஈசியூவுக்கு நீங்க கன்வெர்ட்டர் மாத்தினது தெரியாது. அதுக்குத் தெரியறதெல்லாம், போன தடவை சோதிச்சப்போ பின் சென்சார் முன் சென்சார் மாதிரியே மேலும் கீழுமா ஆடிச்சு, அதாவது கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கலங்கறது மட்டும்தான். அடுத்த சோதனை வரைக்கும் அதுதான் அதோட கடைசித் தகவல். அதை நம்பித்தான் லைட்டை எரிய வச்சிருக்கு.

இந்தச் சோதனைக்கு வண்டி ஒரு தோதான நிலைக்கு வரணும். இன்ஜின் நல்லா சூடாகி இருக்கணும், கன்வெர்ட்டரும் சூடேறி இருக்கணும், ஆக்சிலரேட்டர் கால் ஆடாம சீரான வேகத்துல சில நிமிஷம் போகணும். எத்தனை நிமிஷம், எந்த வேகம்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவா 60 முதல் 80 கி.மீ. வேகத்துல 10 நிமிஷம் சீரா போனா ஓடிடும். வேளச்சேரி–கிண்டி சாலையில காலை ஒன்பது மணிக்கு இதுல எது கிடைக்கும்?

---

டீசல்_மாமா (திங்கள், 10:21)

எனக்கும் இதே பிரச்சினைதான் தம்பி. டேஷ்போர்டுல சுருள் கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு, ஓட்டும்போது மினுக்குது. DPF சென்சார் மாத்தியும் போகல. நானும் மூணு சைக்கிள் ஓட்டணுமா?

---

கரிப்புகை (திங்கள், 10:30)

மாமா, உங்களது வேற விளக்கு. அந்தச் சுருள் குளோ பிளக் விளக்கு. ஓட்டத்துல அது மினுக்கினா, சில டீசல் வண்டிகள்ல இன்ஜின் மேனேஜ்மென்ட்ல கோளாறுன்னு அர்த்தம். ஸ்கேனர் போட்டு கோடைப் பாருங்க, தனி இழையா போடுங்க. இங்க கலந்தா ரெண்டு பேருக்கும் குழப்பம்.

---

பேட்டரி_கழட்டு (செவ்வாய், காலை 7:15)

எதுக்கு இவ்வளவு? நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி 15 நிமிஷம் விடுங்க. லைட் போச்சு.

---

லைவ்_டேட்டா (செவ்வாய், 8:02)

போகும். கூடவே என்னென்ன போகும்னும் சொல்லணும். கோடு விழுந்த நேரத்து அளவுகளைப் பதிஞ்சு வச்ச ஃபிரீஸ் ஃபிரேம் போகும். எரிபொருள் அளவுக்காக ஈசியூ கத்து வச்ச திருத்தம் போகும், அதனால முதல் சில கிலோமீட்டர் ஐடில் முன்ன பின்ன இருக்கலாம். முக்கியமா, எல்லாச் சோதனையும் "முடியல" நிலைக்குத் திரும்பும். சில ஈசியூவுல கோடு நிலையான நினைவகத்துல இருக்கறதால, பேட்டரி கழட்டியும் லைட் போகாது. ஆடியோவுக்கு பின் நம்பர் கேக்கறது தனிக் கதை.

லைட்டை மறைக்கணும்னா ஸ்கேனர்ல கோடை அழிக்கறதே சுத்தமான வழி. ஆனா ஒண்ணு யோசிங்க. அழிச்ச பிறகு அந்தக் கோடு திரும்ப லைட்டை ஏத்த, பொதுவா சோதனை அடுத்தடுத்து ரெண்டு சைக்கிள்ல தோக்கணும். முதல் தோல்விக்குப் பெண்டிங் கோடு மட்டும் விழும், லைட் எரியாது. 6 கி.மீ. ஓட்டத்துல சோதனையே ஓடலன்னா, வேலை சரியில்லாம இருந்தாலும் மாசக்கணக்கா லைட் எரியாது. "அழிச்சாச்சு, திரும்ப வரல, வேலை நல்லது"ன்னு நினைச்சுக்குவீங்க.

எரிய ரெண்டு, அணைய மூணு. இந்த வித்தியாசம் வேணும்னே வச்சது. லூஸ் கனெக்டர், சூடானா மூடிக்கற விரிசல் மாதிரி வந்து வந்து போற பழுது, ஒரு நாள் நல்லா நடந்துக்கும். ஒரு நல்ல முடிவுக்கே லைட்டை அணைச்சா அது கண்ணாமூச்சி ஆடும். அதனாலதான் தொடர்ந்து மூணு நல்ல முடிவு கேக்குது. நடுவுல ஒரு தடவை தோத்தாலும் எண்ணிக்கை முதல்லேர்ந்து.

---

ஃப்ரீமான்ட்_தமிழ் (செவ்வாய், 9:40)

இங்க கலிபோர்னியாவில பேட்டரி கழட்டற வித்தை செல்லாது. ஸ்மாக் செக்ங்கற புகைச் சோதனையில ஈசியூகிட்ட சோதனையெல்லாம் முடிஞ்சுதான்னு கேப்பாங்க. 2000-க்குப் பிறகு வந்த பெட்ரோல் காருக்கு, எரிபொருள் ஆவிக்கான சோதனை ஒண்ணு மட்டும் முடியாம இருக்கலாம். வேற எது முடியாம இருந்தாலும் ஃபெயில். லைட் எரியாட்டியும் ஃபெயில்.

புது வண்டிகள்ல நிரந்தரக் கோடுன்னு ஒண்ணு உண்டு. ஸ்கேனரும் அழிக்காது, பேட்டரி கழட்டினாலும் போகாது. அந்தச் சோதனை ஓடி நல்ல முடிவு வந்தாதான் ஈசியூ தானே அழிக்கும். 2019 ஜூலையிலிருந்து ஸ்மாக் செக்ல அதையும் பார்க்கறாங்க. அழிச்ச பிறகு 15 வார்ம்-அப் சைக்கிளும் 200 மைலும் ஓடியிருந்தா அதைக் கண்டுக்க மாட்டாங்க.

---

லைவ்_டேட்டா (செவ்வாய், 9:58)

இங்க பியூசியில புகைக்குழாய் வாயுவை அளக்கறதோட சரி, அதனால நம்ம ஆளுக்கு அந்த அவசரம் இல்ல. அவருக்கு வேலை சரியான்னுதான் தெரியணும். அதுக்கு அழிக்காம விட்டது நல்லதுதான்.

வேளச்சேரி, உங்ககிட்ட ELM327 ப்ளூடூத் டாங்கிள் இருக்கா? டெர்மினல் வசதி இருக்கற ஆப்ல ரெண்டு கேள்வி கேளுங்க. வீட்டிலிருந்து ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும், இன்ஜினை அணைக்காம:

```
0101
0141
```

வர்ற பதிலை அப்படியே போடுங்க.

---

வேளச்சேரி_வண்டி (புதன், காலை 10:12)

கிண்டி வந்ததும் எடுத்தது:

```
>0101
41 01 81 07 61 00
>0141
41 41 00 07 61 01
```

ஆப்ல எல்லாத்துக்கும் பச்சை டிக்தான் காட்டுது. அப்போ சோதனை ஓடிருச்சுன்னுதானே அர்த்தம்? ஓடியும் லைட் எரியுதுன்னா கன்வெர்ட்டர் டம்மிங்கறது சரியா?

---

லைவ்_டேட்டா (புதன், 11:30)

இல்ல. நிறைய பேர் சறுக்கற இடம் இது.

முதல் பதில்ல 81 லைட் எரியுது, உறுதியான கோடு ஒண்ணு இருக்குன்னு சொல்லுது. கடைசியில இருக்கற 00, கோடு அழிச்ச நாளிலிருந்து எல்லாச் சோதனையும் ஒரு தடவையாவது முடிஞ்சிருக்குன்னு சொல்லுது. உங்க ஆப் காட்டற பச்சை டிக் இதுதான். கன்வெர்ட்டர் சோதனை ஓடித் தோத்ததாலதானே லைட்டே எரிஞ்சுது? தோத்ததும் "முடிஞ்சது"தான். பழுது பார்க்கறதுக்கு முன்னாடி ஓடினதோட டிக் அது.

ரெண்டாவது பதில் இன்னிக்கு ஓட்டத்தைப் பத்தினது. அதுல கடைசி எண் 01. இந்த ஓட்டத்துல கன்வெர்ட்டர் சோதனை மட்டும் இன்னும் முடியல, சென்சார், ஹீட்டர் சோதனையெல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அது 00 ஆகற ஓட்டம்தான் உங்க கணக்குல சேரும். 01-லயே நிக்கற ஓட்டம்தான் கரிப்புகை சொன்ன மதிப்பில்லாத ஓட்டம்.

சீரான சாலைக்குப் போங்க. வண்டலூர்லேர்ந்து வெளிவட்டச் சாலையில நெமிலிச்சேரி வரைக்கும் சுமார் 30 கி.மீ. இருக்கு. காலையில சீக்கிரம் போய் 70-ல கால் ஆடாம பிடிங்க. போகும்போது 0105 கேட்டு கூலன்ட் சூட்டையும் குறிச்சுக்குங்க. பக்கத்து சீட்டுல ஒருத்தர் இருக்கட்டும், ஓட்டிக்கிட்டே போனைப் பார்க்காதீங்க.

---

மிஸ்ஃபயர்_302 (புதன், மதியம் 1:05)

நடுவுல ஒரு கேள்வி. ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்னு P0302 வந்து, இக்னிஷன் காயில் மாத்தினேன். பைபாஸ்ல நாலு நாள் சீரா ஓட்டியும் லைட் போகல. இதே காரணமா?

---

கரிப்புகை (புதன், 1:40)

கிட்டத்தட்ட, ஆனா தலைகீழ். மிஸ்ஃபயர் சோதனை இன்ஜின் ஓடற நேரமெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்கு வேற நிபந்தனை உண்டு. மிஸ்ஃபயர் ஆனப்போ இருந்த மாதிரியான நிலையில இன்ஜின் திரும்ப ஓடி, அப்பவும் மிஸ்ஃபயர் ஆகாம இருக்கணும். அமெரிக்க விதியில அந்த "மாதிரி"க்கு அளவு இருக்கு: ஆர்பிஎம் 375-க்குள்ள, லோடு 20 சதவீதத்துக்குள்ள, சூடான இன்ஜினா குளிர்ந்த இன்ஜினாங்கறதும் ஒத்துப்போகணும்.

உங்க ஃபிரீஸ் ஃபிரேமைப் பாருங்க. ரெண்டாவது கியர்ல மேடு ஏறும்போது 2,400 ஆர்பிஎம்ல, நிறைய லோடுல விழுந்த கோடுன்னு வச்சுக்குவோம். பைபாஸ்ல லேசான காலோட எத்தனை நாள் ஓட்டினாலும் அந்த நிலை வராது. அதே மாதிரி மேடு ஏறணும்.

---

சராசரி_சங்கர் (புதன், மாலை 6:20)

வேளச்சேரிக்கு ஒரு எச்சரிக்கை. மூணு நல்ல ஓட்டம்னு எல்லாரும் சொல்றீங்க. கன்வெர்ட்டர் விஷயத்துல சில ஈசியூ ஒரு ஓட்டத்தோட முடிவை மட்டும் பார்க்காது. பழைய முடிவுகளோட கலந்து ஒரு சராசரி வச்சிருக்கும், அந்தச் சராசரி வரம்பைத் தாண்டினாதான் தோல்வி.

புரியறதுக்காக நானே எண் போடறேன், எந்த வண்டியோட எண்ணும் இல்ல. வரம்பு 0.70. பழைய கன்வெர்ட்டரால சராசரி 0.90-ல நிக்குது. புது கன்வெர்ட்டர் ஒவ்வொரு ஓட்டத்துலயும் 0.20 தருது. ஈசியூ பழசுல முக்கால் பங்கும் புதுசுல கால் பங்கும் எடுக்குது.

முதல் ஓட்டம்: 0.90-ல முக்கால் 0.675, 0.20-ல கால் 0.05, மொத்தம் 0.725. அதாவது புத்தம் புது கன்வெர்ட்டர் போட்டு, சோதனை முழுசா ஓடியும், கணக்குல தோல்வி. ரெண்டாவது ஓட்டத்துல 0.594, இப்பதான் முதல் வெற்றி. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு. ஆக நாலு நல்ல ஓட்டம். கால் பங்குக்குப் பதிலா பத்துல ஒரு பங்கு எடுக்கற ஈசியூவா இருந்தா இன்னும் இழுக்கும். இந்த மாதிரி வண்டிக்குக் கோடை அழிக்கறதுதான் நல்லது. பழைய சராசரி போயிடும், புதுசா ஆரம்பிக்கும்.

---

கரிப்புகை (புதன், 6:55)

கணக்கு சரி. ஆனா அவர் வண்டியில சோதனையே ஓடலையே சங்கர், சராசரி எங்கேருந்து நகரும்? அழிச்சாலும் அதே 01-தான் நிக்கும். முதல்ல ஓடட்டும், அப்புறம் அழிக்கறதைப் பத்திப் பேசலாம்.

---

வேளச்சேரி_வண்டி (சனி, காலை 9:45)

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், தம்பி பக்கத்துல உக்காந்து குறிச்சான். வண்டலூர்–நெமிலிச்சேரி போய்த் திரும்பினோம், பெரும்பாலும் 70-ல. திரும்பி வந்தும் 0141-ல கடைசி எண் 01 தான்!

கூலன்ட், வண்டலூர் சிக்னல்ல நின்னப்போ:

```
>0105
41 05 7E
```

வெளிவட்டச் சாலையில கால் மணி நேரம் போன பிறகு:

```
>0105
41 05 6C
```

டேஷ்போர்டு முள் நடுவுலதான் நிக்குது.

---

லைவ்_டேட்டா (சனி, 10:20)

பதினாறடிமான எண்ணைப் பத்தடிமானமா மாத்தி 40 கழிங்க. 7E-ன்னா 126, கழிச்சா 86 டிகிரி. 6C-ன்னா 108, கழிச்சா 68 டிகிரி. சிக்னல்ல நிக்கும்போது 86, காத்து அடிக்கற சாலையில 68. நியாயமா சீரா ஓடும்போது தெர்மோஸ்டாட் தன் அளவுக்குப் பக்கத்துலயே பிடிச்சு வைக்கணும், 18 டிகிரி இறங்கக் கூடாது.

தெர்மோஸ்டாட் மூடாம திறந்தே நிக்குது. வேகமா போனா ரேடியேட்டர் முழுசா வேலை செஞ்சு இன்ஜினைக் குளிர வச்சுடுது. டிராஃபிக்ல காத்து இல்லாததால சூடு ஏறிடுது, அதனால உங்களுக்கு வித்தியாசமே தெரியல. முள்ளை நம்பாதீங்க, நிறைய வண்டியில நடுவுல ஒரு பெரிய இடைவெளிக்கு அது அசையாம நிக்கற மாதிரிதான் வச்சிருக்காங்க.

இப்ப முடிச்சைப் பாருங்க. கன்வெர்ட்டர் சோதனைக்குச் சூடான இன்ஜினும் வேணும், சீரான வேகமும் வேணும். நகரத்துல சூடு இருக்கு, சீரான வேகம் இல்ல. வெளிவட்டச் சாலையில சீரான வேகம் இருக்கு, சூடு இல்ல. ரெண்டும் சேர்ந்து வரவே இல்ல.

---

ஸ்பானர்_செட் (சனி, 10:41)

தெர்மோஸ்டாட் போனா P0128 கோடு வரணுமே? வரலையே?

---

லைவ்_டேட்டா (சனி, 11:05)

நல்ல கேள்வி. அந்தச் சோதனை பொதுவா, ஸ்டார்ட் பண்ணதிலேர்ந்து குறிப்பிட்ட நேரத்துக்குள்ள இன்ஜின் சூடாச்சான்னு பார்க்கும். சென்னை வெயில்ல, டிராஃபிக்ல, சூடாயிடுது. பாஸ். அப்புறம் சாலையில இறங்கறதை அது பார்க்கறதில்ல. எல்லா வண்டியிலயும் இந்தச் சோதனை இருக்கும்னும் சொல்ல முடியாது. கோடு வரலங்கறதால தெர்மோஸ்டாட் நல்லதுன்னு ஆகிடாது.

மாத்தும்போது அதே திறப்பு வெப்பநிலை உள்ளதை வாங்குங்க, உடம்புல பொறிச்சிருக்கும். "நம்ம ஊருக்குக் குறைஞ்ச டிகிரி நல்லது"ன்னு யாராவது வேற கொடுத்தா வாங்காதீங்க, இதே கதை திரும்ப வரும். கூலன்ட் நிரப்பி ஏர் எடுக்கறது முக்கியம், காத்துக் குமிழ் சென்சார்கிட்ட நின்னா அளவு தப்பாக் காட்டும்.

---

ஃப்ரீமான்ட்_தமிழ் (சனி, 11:30)

40 வார்ம்-அப் சைக்கிள் ஆனா கோடு தானா போயிடும்னு படிச்சிருக்கேன். அதுவரைக்கும் காத்திருந்தா லைட்டும் போயிடாதா?

---

கரிப்புகை (சனி, 11:52)

வரிசை தலைகீழ். முதல்ல மூணு நல்ல முடிவு வந்து லைட் அணையும். கோடு நினைவுல இருக்கும், ஸ்கேனர் போட்டா தெரியும். லைட் அணைஞ்ச பிறகுதான் 40 எண்ணிக்கை, அதுவும் அந்தப் பழுது திரும்பத் தென்படாம இருந்தா. வார்ம்-அப் சைக்கிளுக்கும் அளவு உண்டு: ஸ்டார்ட்டிலேர்ந்து கூலன்ட் 22 டிகிரியாவது ஏறணும், 71 டிகிரியையாவது தொடணும். டீ குடிச்சுட்டு வந்து 75 டிகிரியில ஸ்டார்ட் பண்ணி 90 வரைக்கும் போனா அது கணக்குல வராது, 15 டிகிரிதானே ஏறிச்சு. லைட் எரியற வரைக்கும் அந்த 40 ஆரம்பிக்கவே இல்ல.

---

வேளச்சேரி_வண்டி (அடுத்த வியாழன், இரவு 8:30)

தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு. நேத்துக் காலையும் இன்னிக்குக் காலையும் அதே சாலை. கூலன்ட் 70 கி.மீ. வேகத்துல 86, 87, அதைவிட இறங்கல. ரெண்டு நாளும்:

```
>0141
41 41 00 07 61 00
```

பின் சென்சார் 0.65, 0.70 வோல்ட்ல கிட்டத்தட்ட நேர்க்கோடு. பெண்டிங் கோடு கேட்டேன் (07), எதுவும் இல்ல. லைட் இன்னும் எரியுது. நாளைக்கு ஒரு ஓட்டம் போனா போதுமா?

---

கரிப்புகை (வியாழன், 8:44)

போதும்னு நினைக்கிறேன். மூணாவது ஓட்டம் முடிஞ்ச உடனே அணையாம, அதுக்கடுத்த ஸ்டார்ட்ல அணையற வண்டியும் உண்டு. அதனால நாளைக்கு அணையலன்னு பதறாதீங்க, சனிக்கிழமை காலை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

---

சராசரி_சங்கர் (வியாழன், 9:02)

சராசரி வச்சிருக்கற ஈசியூன்னா சனிக்கிழமையும் எரியலாம். பெண்டிங் இல்லாததை வச்சு மட்டும் முதல் ஓட்டம் வெற்றின்னு முடிவு பண்ணாதீங்க. உங்க டாங்கிள்ல மோடு 06 வந்தா, கன்வெர்ட்டர் சோதனையோட அளவும் வரம்பும் பக்கத்துப் பக்கத்துல தெரியும். நாளைக்கு ஓட்டம் முடிஞ்சதும் ஒண்ணு, சனிக்கிழமை ஒண்ணு எடுத்துப் போடுங்க. எண் வரம்பிலிருந்து விலகி விலகிப் போச்சுன்னா என் பேச்சு சரி, ரெண்டு நாளும் ஒரே இடத்துல நின்னா கரிப்புகை பேச்சு சரி.

---

வேளச்சேரி_வண்டி (வியாழன், 9:10)

சரி சார், ரெண்டையும் எடுத்துப் போடறேன். அலாரம் அஞ்சரைக்கு வச்சாச்சு, தம்பிதான் முறைக்கிறான்.